6205 கேட்டால் 6204 வருகிறது

பேரிங் கடைக் கணினியில் 6205-2RS என்று தேடினால் 6204-ZZ முதலில் வரலாம். முன்னது 25 மி.மீ. தண்டுக்கு, பின்னது 20 மி.மீ.க்கு, மாற்றிப் போட முடியாது. எம்பெடிங் தேடல் பொருள் நெருக்கத்தைத்தான் அளக்கிறது. குறியீட்டையும் அரிய பெயரையும் துண்டுதுண்டாக உடைத்துப் படிப்பதால், ஓர் இலக்கம் மாறியது அதற்குப் பெரிதாகப் படாது.

எழுத்துக்கு எழுத்து பொருத்தும் பி.எம்.25 தேடலையும் கூடவே ஓட்டுங்கள். இரு பட்டியலிலும் ஒவ்வொரு பொருளுக்கும் `1/(60+இடம்)` மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள். எம்பெடிங்கில் 5ஆவதாகவும் சொல் தேடலில் முதலாவதாகவும் வந்த 6205-2RS 0.032 பெறும், எம்பெடிங்கில் மட்டும் முதலில் நின்ற 6204-ZZ 0.016தான். ஒன்று முக்கியம்: சிலர் 62052RS என்று சேர்த்தே தட்டுவார்கள். கோடு, இடைவெளி நீக்கிய வடிவத்தையும் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் சொல் தேடலும் கைவிட்டுவிடும்.