நிறுத்தச் சொன்ன பிறகும் போகும் பணம்

உதாரணத்துக்குத் தஞ்சாவூரில் ஒரு தாய்மாமனை எடுத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்கா மகன் மதுரையில் கல்லூரியில் சேர்ந்தபோது, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 6,000 ரூபாய் அவன் கணக்குக்குப் போகும்படி வங்கிக் கிளையில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தார். வங்கிக்காரர்கள் இதை ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள், சுருக்கமாக எஸ்.ஐ. படிவத்தில் முடிவுத் தேதிக்கான கட்டத்தில், பெரும்பாலானோர் செய்வதைப் போலவே, 'மறு உத்தரவு வரும் வரை' என்று எழுதியிருந்தார். பையன் படித்து முடித்தான், சென்னையில் வேலையும் கிடைத்தது. "மாமா, இனிமே அனுப்ப வேண்டாம். நானே அம்மாவுக்கு அனுப்புற அளவுக்குச் சம்பளம் வருது" என்று போனில் சொல்லிவிட்டான்.

மாமா உடனே கைபேசியில் வங்கியின் ஆப்பைத் திறந்து, பெனிஃபிஷியரி பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கினார். வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். அடுத்த 5ஆம் தேதி காலையில் 6,000 ரூபாய் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது.

இதில் வங்கியின் தவறு ஒன்றுமில்லை. பெனிஃபிஷியரி பட்டியல் என்பது நாம் ஆப்பில் உட்கார்ந்து பணம் அனுப்பும்போது எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் முகவரிப் புத்தகம். கிளையில் கொடுத்த எஸ்.ஐ. அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. பையனின் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, தொகை, தேதி எல்லாம் அந்த உத்தரவுக்குள்ளேயே தனியாகப் பதிவாகியிருக்கும். குறித்த நாளில் வங்கியின் கணினி அந்தப் பதிவை எடுத்து ஓட்டும், அவ்வளவுதான். நெட்பேங்கிங்கில் நாமே போட்ட உத்தரவென்றால் சில வங்கிகள், பெயரை நீக்கும்போதே 'இவருக்கு ஒரு தொடர் பரிமாற்றம் நிலுவையில் இருக்கிறது' என்று தடுக்கும். எல்லா வங்கியும் அப்படித் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நம் உத்தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. கிளையில் காகிதத்தில் கொடுத்ததா, நெட்பேங்கிங்கில் நாமே போட்டதா, யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே வைத்ததா? நினைவில்லை என்றால் போன மாதத்துப் பாஸ்புக் வரியைப் பாருங்கள். SI என்ற எழுத்துகள் இருந்தால் அது நம் வங்கி நம் சொல்லுக்காக அனுப்பும் பணம். ACH அல்லது NACH என்று இருந்தால், எதிர்ப்பக்கத்து நிறுவனம் நம் அனுமதியின் பேரில் இழுத்துக்கொள்ளும் பணம். கடன் தவணை, எஸ்.ஐ.பி. போன்றவை அப்படிப் போகும். உறவினருக்குப் போகும் பணம் பெரும்பாலும் முதல் வகை. அதை நிறுத்த உறவினரின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. கணக்கு நம்முடையது, உத்தரவும் நம்முடையது. கூட்டுக் கணக்காக இருந்து, இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் ரத்துக் கடிதத்திலும் இருவர் கையெழுத்து வேண்டும்.

மாமாவின் கதைக்கு வருவோம். எஸ்.எம்.எஸ். பார்த்ததும் மறுபடி ஆப்பைத் திறந்து, Standing Instructions என்ற பக்கத்துக்குப் போனார். அங்கே ஒன்றுமே இல்லை. காலியான பக்கத்தைப் பார்த்ததும் 'சரி, போன மாதத்தோடு தானாகவே முடிந்துவிட்டது போலிருக்கிறது' என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சுலபமாகச் சறுக்கும் இடம். பல வங்கிகளின் ஆப், ஆப் வழியாகப் போட்ட உத்தரவுகளை மட்டுமே காட்டும். கிளை அதிகாரி தன் கணினியில் ஏற்றியது அதில் தெரியாது. கிளையில் பிறந்த எஸ்.ஐ.யைக் கிளையில்தான் முடிக்க வேண்டும்.

வேறொரு குறுக்கு வழியும் சிலருக்குத் தோன்றும். 5ஆம் தேதிக்கு முன்பே கணக்கைத் துடைத்து வைத்துவிட்டால் பணம் எப்படிப் போகும் என்று. போகாதுதான். ஆனால் உத்தரவு உயிரோடு இருக்கும். போதிய இருப்பு இல்லாததால் எஸ்.ஐ. திரும்பினால் பல வங்கிகள் கட்டணம் பிடிக்கும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சில வங்கிகளில் கணினி அடுத்தடுத்த நாட்களிலும் முயன்று பார்க்கும். பென்ஷன் வந்து விழுந்த மறுநாள் காலையில் அதே 6,000 கிளம்பிப் போயிருக்கும்.

சரியான வழி ஒரு பக்கக் கடிதம். கிளை மேலாளருக்கு எழுத வேண்டும். அதில் நம் கணக்கு எண், பணம் பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும், தொகை, மாதத்தில் எந்தத் தேதி, எஸ்.ஐ.யின் பதிவு எண் தெரிந்தால் அதுவும் இருக்க வேண்டும். பிறகு முக்கியமான வாக்கியம்: 'இந்த உத்தரவை இன்றிலிருந்து முற்றிலும் ரத்து செய்யவும், வரும் மாதம் 5ஆம் தேதிக்குரிய பணமும் போகக் கூடாது'. 'அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தவும்' என்று எழுதினால், அந்த 'அடுத்த மாதம்' எது என்பதில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரு மாதம் வித்தியாசம் வந்துவிடும். தேதியைப் போட்டு எழுதுவதே நல்லது. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். கவுன்ட்டரில் கூட்டமாக இருக்கும், "வெச்சிட்டுப் போங்க சார், பார்த்துக்கறோம்" என்பார்கள். முத்திரை வாங்காமல் வர வேண்டாம். பின்னால் ஏதாவது ஆனால் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.

கடிதத்தைக் கொடுத்ததும் எஸ்.ஐ. நின்றுவிடுவதில்லை. வங்கியில் இப்படிப்பட்ட மாற்றம் எதையும் ஒருவரே செய்து முடிக்க முடியாது. ஓர் ஊழியர் கணினியில் ரத்து என்று பதிவார், இன்னொரு அதிகாரி அதைத் திறந்து பார்த்து அங்கீகரிக்க வேண்டும். முதல் ஊழியர் பதிந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போக, அதிகாரி வேறு வேலையில் மூழ்கிவிட்டால், அந்த ரத்து அரைகுறையாக நிற்கும். அப்படி நிற்கும் வரை பழைய உத்தரவுக்கே செல்லுபடி. கடிதத்தை 4ஆம் தேதி மாலையில் கொடுத்துவிட்டு 5ஆம் தேதி நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். அதோடு எஸ்.ஐ.க்கள் பெரும்பாலும் வங்கியின் அன்றைய கணக்குகள் திறக்கும்போதே, கிளையில் யாரும் வந்து உட்காருவதற்கு முன்பே ஓடிவிடும். குறைந்தது நான்கைந்து வேலை நாட்கள் இடைவெளி விட்டுக் கொடுப்பது உத்தமம். எத்தனை நாள் முன்னதாக வேண்டும் என்று அந்தந்த வங்கி தனியாகக் கேட்டால் அதுதான் கணக்கு.

இனி, நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "கேன்சல் ஆயிடுச்சா?" என்று கேட்டால் "ஆயிடுச்சு" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "என் கணக்கில் இப்போது இருக்கும் எஸ்.ஐ. எல்லாவற்றையும் திரையில் எடுத்துக் காட்டுங்கள், அடுத்து ஓடும் தேதி என்ன போட்டிருக்கிறது?" அந்தத் தேதியில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு முறை பணம் போனதும் கணினி அந்தத் தேதியை ஒரு மாதம் முன்னே நகர்த்தி வைக்கும். முழுமையாக ரத்தான உத்தரவு பட்டியலிலேயே இருக்காது, அல்லது Cancelled, Deleted என்பதுபோல நிலை மாறியிருக்கும். நிலை Active என்று இருந்து, அடுத்து ஓடும் தேதி மட்டும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் நடந்தது ரத்து அல்ல. ஒரு தவணையைத் தாண்டி விட்டிருக்கிறார்கள், அதற்கடுத்த மாதம் பணம் மறுபடி கிளம்பும்.

நெட்பேங்கிங்கில் நாமே ரத்து செய்யும்போதும் இதே குழி உண்டு. ஒரு தவணையை மட்டும் விடுவதா, முழுத் தொடரையும் நிறுத்துவதா என்று சில ஆப்கள் கேட்கும். பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யு.பி.ஐ. ஆட்டோபேயிலும் Pause என்றால் இடைநிறுத்தம், Revoke என்றால்தான் முடிவு. ரத்து செய்ததும் அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஆப்பிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே போய்ப் பட்டியலைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

மாமா மாதக் கடைசியில் கடிதம் கொடுத்து, மூன்று நாள் கழித்து மறுபடி போய்ப் பட்டியலைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அதில் எஸ்.ஐ. இல்லை. இருந்தாலும் 5ஆம் தேதி ஒரு தடவை இருப்பைப் பார்த்துவிட வேண்டும். அந்த 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் கவனிக்க வேண்டும். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து விடுமுறை நாளிலும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது, ஆனால் எஸ்.ஐ.யை விடுமுறையன்றே ஓட்டுவதா, அடுத்த வேலை நாளுக்குத் தள்ளுவதா என்பது உத்தரவைப் பதிந்த விதத்தைப் பொறுத்தது. ஞாயிறு போகவில்லை என்று சந்தோஷப்பட்டவருக்குத் திங்கட்கிழமை எஸ்.எம்.எஸ். வரலாம்.

முத்திரை போட்ட கடிதம் கையில் இருந்தும் பணம் போய்விட்டால்? அக்கா மகன் கணக்கில் சேர்ந்த பணத்தை, அவன் சம்மதம் இல்லாமல் வங்கி தானாகத் திரும்ப எடுத்துவிட முடியாது. வீட்டுக்குள் என்றால் ஒரு போனில் தீரும். போனில் பேசிக்கொள்ள முடியாத உறவு என்றால், வங்கியிடம்தான் கேட்க வேண்டும். கடிதத்தின் நகலை இணைத்து எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

உறவினர் இறந்துபோனால் நிலைமை வேறு. அவருடைய வங்கிக்குத் தகவல் போகாதவரை, நாம் அனுப்பும் பணம் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு அதை எடுக்க வாரிசுகள் உரிமை கோர வேண்டும். தகவல் போய்விட்டால், 'கணக்குதாரர் இறந்துவிட்டார்' என்ற குறிப்போடு வங்கி பணத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். நெஃப்டில் வரவு வைக்க முடியாத பணத்தை, அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. துக்க வீட்டின் அலைச்சலில், திரும்பி வந்த பணத்தைப் பாஸ்புக்கில் பார்த்ததும் எஸ்.ஐ. நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. திரும்பியது அந்த ஒரு மாதத்துப் பணம்தான். நம் வங்கியில் இருக்கும் உத்தரவுக்கு அந்தச் செய்தி தெரியாது, அடுத்த 5ஆம் தேதி அது மறுபடி ஓடும். அதற்கும் அதே கடிதம், அதே முத்திரை.