ஒரு வாரம் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேரி தீவில் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் என் மச்சான் வீட்டில் சென்ற ஆண்டு நடந்தது இது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய அப்பாவைக் கிள்ளான் பெரிய மருத்துவமனைக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். ஆறு மணிக்கு அப்பாவை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், "டக் டக்" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. அந்த நேரத்தில் தீவுக்குள் வாடகைக் கார் கிடைப்பது சுலபமில்லை. பக்கத்து வீட்டு வேனிலிருந்து கேபிள் போட்டுக் காரைக் கிளப்பிப் பாலம் தாண்டிப் போவதற்குள் மருத்துவரைப் பார்க்கும் முறை தவறிவிட்டது. அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

அதற்கு முன்பே அவர் அந்தச் சிறிய காருக்கு ஒரு பேட்டரி மாற்றியிருந்தார். அதுவும் ஐந்து மாதத்தில் இப்படி ஆனதும் "சரக்கு சரியில்லை" என்று இன்னொன்று வாங்கினார். அந்தப் புதுப் பேட்டரியும் ஒரு வாரம் நிறுத்தி வைத்த பிறகு அதே "டக் டக்"தான். கோளாறு பேட்டரியில் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாவியை எடுத்த பிறகும் காரில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க, செம்பனை ஆலையில் வயர்மேனாக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணன் தன் மல்டிமீட்டரோடு வந்தார். அன்று அவர் செய்ததை எல்லோரும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

முதலில் பேட்டரியைத் தனியாகப் பார்க்க வேண்டும்

"திருடன் வீட்டுக்குள்ள இருக்கானா, பெட்டியே ஓட்டையான்னு முதல்ல தெரியணும் தம்பி" என்றார் அண்ணன். பேட்டரியைக் கழற்றி இரவு முழுவதும் மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொன்னார். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறிய பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்தார். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்று பொருள். அன்று 12.6 காட்டியது.

பிறகு பேட்டரியைக் காரில் பொருத்தாமலே இரண்டு இரவு வைத்திருந்து மறுபடி அளந்தார். அப்போதும் அளவு இறங்கவில்லை. ஒன்றோடும் சேராமல் சும்மா இருந்தே வோல்ட் இறங்கியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது, புதிது வாங்கத்தான் வேண்டும். இறங்காததால் பேட்டரி நல்லது, களவு காரில் நடக்கிறது என்று முடிவானது. காரை ஓட விட்டு அளந்தபோது பேட்டரி முனையில் 14 வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்பதும் தெரிந்தது. 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் சரி.

மீட்டரை இணைக்கும் முறை

அடுத்து அளக்க வேண்டியது கரண்ட். இங்கேதான் பலர் மீட்டரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு வயர் COM என்ற துளையில் இருக்கட்டும். சிவப்பு வயரை 10A என்ற துளைக்கு மாற்றி, குமிழை டிசி ஆம்பியருக்குத் திருப்ப வேண்டும். இந்த நிலையில் மீட்டர் வெறும் வயர் மாதிரிதான். வோல்ட் பார்ப்பது போலப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட். தீப்பொறி பறக்கும், மீட்டர் கருகும். கரண்ட் அளக்கும் மீட்டர் வழியின் நடுவே உட்கார வேண்டும்.

காரில் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். ரிமோட் சாவியாக இருந்தால் அதை வீட்டுக்குள் தள்ளி வைப்பது நல்லது. ஃபியூஸ் பெட்டியைத் தொடுவதற்கு ஓட்டுநர் கதவு திறந்திருக்க வேண்டும். ஆனால் கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் அண்ணன் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடினார். கதவு அடைந்துவிட்டது என்று கார் நினைத்துக்கொண்டது. வேலை முடிந்து கதவை அடைக்கும் முன், கைப்பிடியை இழுத்து அந்த நாக்கை விடுவிக்க மறந்தால் பூட்டு உடையும்.

பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையின் கேபிளைக் கழற்றினார். கழன்ற கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரைக் கிளிப் போட்டார். அதோடு கிளிப் வைத்த ஒரு சாதாரண வயரையும் அதே இரண்டு இடத்துக்கும் போட்டார். பேட்டரி திரும்பச் சேர்ந்ததும் காருக்குள் இருக்கும் கணினிகள் விழித்துக்கொண்டு நிறைய கரண்ட் இழுக்கும். அந்த வேகம் மீட்டர் வழியாகப் போகாமல் வயர் வழியாகப் போகட்டும் என்பதற்காகத்தான் இது. மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை 10 ஆம்பியர் மீட்டர் தாங்காது.

அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்

"எல்லாம் தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இந்தக் காத்திருப்பு மிகவும் முக்கியம். இன்றைய கார்களில் சாவியை எடுத்த பிறகு கணினிகள் ஒவ்வொன்றாக அடங்க இருபது முப்பது நிமிடம் ஆகும், சிலவற்றில் இன்னும் கூடுதலாக ஆகும். அவசரப்பட்டு உடனே அளந்தால் நல்ல காரிலும் இரண்டு மூன்று ஆம்பியர் காட்டி நம்மைப் பயமுறுத்தும்.

அரை மணி கழித்து வயரை எடுத்தார். மீட்டரில் 0.21 ஆம்பியர் நின்றது.

தூங்கும் காருக்கு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. கடிகாரம், அலாரம், கணினியின் நினைவு ஆகியவற்றுக்கு அவ்வளவு போதும். 0.21 என்பது பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஒரு நாளுக்கு 24 மணி நேரம். 0.21-ஐ 24-ஆல் பெருக்கினால் 5 ஆம்பியர்-மணி வருகிறது. மச்சானின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஏழே நாளில் மொத்தமும் போய்விடும். பாதிக்குக் கீழே இறங்கும்போதே பேட்டரி ஸ்டார்ட் பண்ணத் திணறும் என்பதால், நான்காம் ஐந்தாம் நாளே ஆபத்துதான்.

ஃபியூஸ் ஒவ்வொன்றாக

இனி எந்த வழியில் கரண்ட் போகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபியூஸை ஒன்று பிடுங்கி, எண் இறங்குகிறதா என்று பார்த்து, இறங்காவிட்டால் அதே இடத்தில் திரும்பச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். செருகும்போது ஏதாவது விழித்துக்கொண்டால் எண் ஏறும். அது அடங்கும் வரை சில நிமிடம் பொறுக்க வேண்டும். போனட்டுக்குள் இருக்கும் பெட்டியில் எதுவும் மாறவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியில் ரேடியோ என்று குறித்த ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.21 சட்டென்று 0.03-க்கு இறங்கியது.

அதோடு அண்ணன் நிறுத்தவில்லை. ஒரே ஃபியூஸ் இரண்டு மூன்று பொருளுக்குக் கரண்ட் கொடுக்கும். ரேடியோ ஃபியூஸிலேயே உள்விளக்கும் கடிகாரமும் சேர்ந்திருக்கலாம். ஃபியூஸைத் திரும்பச் செருகி, பிளேயரின் பின்னால் இருந்த சாக்கெட்டை மட்டும் கழற்றினார். அப்போதும் 0.03. திருடன் பிளேயர்தான் என்பது உறுதியானது.

பின்னால் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. வெளியில் வாங்கிப் பொருத்தும் பிளேயர்களில் பொதுவாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்ட்டுக்கானது. சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் வரும் கரண்ட்டுக்கானது. சிவப்பில் கரண்ட் நின்றால்தான் பிளேயர் தூங்கப் போகும். இந்தக் காரில் பொருத்தியவர் இரண்டையும் சேர்த்து முறுக்கி மஞ்சளோடு இணைத்திருந்தார். சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்பது வசதிதான். ஆனால் திரையை அணைத்தாலும் உள்ளே அது தூங்கவில்லை.

ஓட்டம் மறைத்த களவு

மச்சானுக்கு ஒரு சந்தேகம். "பிளேயர் மாட்டி ரெண்டு வருஷமாச்சே, அண்ணே. அப்ப ஒன்னும் ஆகலையே?"

அந்த இரண்டு வருடத்தில் முதல் ஒன்றரை வருடம் அவர் தினமும் கிள்ளானுக்குக் காரோட்டி வேலைக்குப் போனவர். இரவில் போன 5 ஆம்பியர்-மணியை அந்தப் போக்குவரத்து திரும்ப ஏற்றிவிட்டது. பிறகு தோட்டத்துக்குள்ளேயே வேலை கிடைத்து மோட்டார் சைக்கிளில் போக ஆரம்பித்தார். கார் ஞாயிறுக்கு ஞாயிறு மட்டும் வெளியே வந்தது. களவு அன்றிலிருந்து இருந்ததுதான், ஓட்டம் நின்றதும்தான் வெளியே தெரிந்தது. கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டுப் பந்திங் வரை ஒரு சுற்றுச் சுற்றினால் காலிப் பேட்டரி நிறையாது. பலமுறை காலியாகவே விட்டால் நல்ல பேட்டரியும் உள்ளே கெட்டுப்போகும். முதல் பேட்டரிகள் சீக்கிரம் போனதற்கும் இதுவே காரணம்.

அண்ணன் சிவப்பு வயரைப் பிரித்தார். சாவி எடுத்ததும் பூஜ்யம் வோல்ட், திருப்பினால் 12 வோல்ட் காட்டும் வயர் எது என்று மீட்டரால் தேடி அதில் சேர்த்தார். மறுபடி அரை மணி பொறுத்து அளந்தபோது 0.03. இப்போது ஒரு வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணிதான் போகும். சார்ஜ் ஏற்றிய அந்த இரண்டாவது பேட்டரியே இன்றும் ஓடுகிறது.

எல்லாக் காரிலும் பிளேயர்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதும் கரண்ட் வரும் ஃபியூஸில் மாட்டிய டேஷ் கேமரா, மூடிய பிறகும் எரியும் பூட் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே இவையும் உண்டு. பூட் விளக்கைச் சந்தேகித்தால் கைப்பேசியில் வீடியோவை ஓட விட்டுப் பூட்டுக்குள் வைத்து மூடிப் பாருங்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் எண் இறங்கவில்லை என்றால், சாதாரண ஃபியூஸ் இல்லாத ஆல்டர்னேட்டர் வழியில் டயோடு கசியலாம். அதை வயரிங் பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. ஹைபிரிட் கார்களில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் சிவப்பு வயரை 10A துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வோல்ட் பார்க்க எடுப்பவர் ஷார்ட் பண்ணிவிடுவார். காரணம் தெரியும்வரை, ஞாயிறு இரவு நிறுத்தும்போது நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்தால் போதும். கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் அழியும், ஆனால் திங்கட்கிழமை காலை கார் கிளம்பும்.