முக்கோண ஆர்பிட்ரேஜ்: மூன்று வீதங்களும் ஓர் அலகின் ஆதாயமும்

மூன்று நாணயங்களுக்கிடையே அறிவிக்கப்படும் மாற்று வீதங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, ஒரு சுற்று மாற்றி ஆதாயம் ஈட்டுவது முக்கோண ஆர்பிட்ரேஜ் எனப்படும். எடுத்துக்காட்டாக, 1 யூரோ 1.1000 டாலர், 1 பவுண்டு 1.2500 டாலர், 1 யூரோ 0.8850 பவுண்டு எனக் கொள்வோம். முதலிரு வீதங்களின்படி, 1 யூரோ 1.1000 ÷ 1.2500 = 0.8800 பவுண்டாக இருத்தல் வேண்டும். அறிவிக்கப்பட்ட வீதம் இதனினும் உயர்ந்தது. ஆகவே பவுண்டுக்கு யூரோவை விற்பதே உரிய திசையாகும்.

1 டாலரால் 0.9091 யூரோவும், அதனை விற்று 0.8045 பவுண்டும், அதனை மாற்றி 1.0057 டாலரும் கிடைக்கின்றன. டாலர் ஒன்றுக்கு ஆதாயம் 0.0057 டாலர். எதிர்த்திசையில் சுற்றினால் 0.9944 டாலரே மிஞ்சும்.

எனினும் இவை நடுவீதங்கள். வணிகர் யூரோவை விற்கும் விலைக்கு வாங்கி, வாங்கும் விலைக்கு விற்க நேரும். யூரோவை வாங்க 1.1030 டாலர் ஆகி, அதை விற்க 0.8825 பவுண்டும், பவுண்டை விற்க 1.2470 டாலருமே கிடைப்பதாகக் கொண்டால், 0.8825 × 1.2470 ÷ 1.1030 = 0.9977. ஆதாயமாகத் தோன்றியது 0.0023 டாலர் இழப்பாகிறது. ஆகவே, உரிய பக்க விலைகளால் பெறும் பெருக்கல் விளைவு 1ஐ மிஞ்சினால் மட்டுமே வாய்ப்பு உண்மையானது. அப்போதும் யூரோ விற்பனை மிகுந்து அதன் பவுண்டு விலை சரிவதால், அவ்வாய்ப்பு விரைவில் மறையும்.