அந்தக் கேள்வி யாருடையது?

கேள்வி-பதில் பேட்டியை மெய்ப்புப் பார்க்கும்போது முதல் சுற்றில் விஷயத்தைப் படிக்கவே கூடாது. இடது ஓரத்தில் உள்ள ‘கே’, ‘ப’ மட்டும் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டு ‘ப’ அடுத்தடுத்து வந்தால் அங்கே நிற்க வேண்டும். நெசவாளர் ஒருவரின் பேட்டி என்று வைத்துக்கொள்வோம்:

ப: தறியை விற்றுவிட்டேன். வருத்தமாக இல்லையா?
ப: இல்லாமல் இருக்குமா!

‘வருத்தமாக இல்லையா?’ என்பது நிருபரின் கேள்வி. பதிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து, முன்னால் ‘கே:’ போட வேண்டும். ஆனால் நெசவாளரே தன்னைக் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது ‘ப’தான் தப்பு. ஊகிக்க வேண்டாம், ஒலிப்பதிவைக் கேட்டுவிடுங்கள்.

‘கே’, ‘ப’ இரண்டும் சேர்ந்தே விடுபட்டால் வரிசை பிசகாது. ஒரு பதில் மட்டும் சந்தேகப்படும்படி நீளும். அதற்குள் கேள்விக்குறியைத் தேடிப் பாருங்கள்.

நிறுத்தக்குறிகளுக்குத் தனிச் சுற்று. ‘கே:’ என்று தொடங்கியது நடுவில் ‘கே -’ ஆகியிருக்கும். ‘உங்கள் குருவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதற்குப் பழக்கதோஷத்தில் கேள்விக்குறி விழுந்திருக்கும். கேட்பது நிருபர்தான், ஆனாலும் அது வேண்டுகோள், முற்றுப்புள்ளியே போதும்.