மூன்று முறை வந்த பெல்பாட்டம்

உடையில் எந்த மோஸ்தரும் இருபது ஆண்டுகளில் திரும்பி வரும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் போனது அப்படியே திரும்பி வருவதில்லை. பெல்பாட்டத்தைக் கவனித்தால் இது நன்றாகப் புரியும்.

கீழே அகன்ற கால்சட்டை 19-ஆம் நூற்றாண்டில் கடற்படை மாலுமிகளின் உடை. 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் ராணுவ உபரிக் கடைகளில் அதை மலிவாக வாங்கிப் போட்டார்கள். துணி நிறுவனங்கள் பின்னால்தான் வந்தன. 1970-களின் பெல்பாட்டம் உயர்ந்த இடுப்பு கொண்டது, துணி பெரும்பாலும் நீளாது, முழங்காலிலிருந்தே விரியும், ஆணும் பெண்ணும் அணிந்தார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்ததுதான். பாட்டம் எத்தனை அங்குலம் என்பதில்தான் பெருமை. தரையில் உரசி ஓரம் கிழியாமலிருக்க, கீழ் மடிப்பைச் சுற்றி ஜிப் வைத்துத் தைத்தவர்களும் உண்டு.

1990-களின் பிற்பாதியில் அது மீண்டும் வந்தபோது இடுப்பு இறங்கிவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் மேடையேற்றிய, பின்புறம் தெரியும் அளவுக்குத் தாழ்ந்த கால்சட்டை இதற்கு ஒரு முன்னோடி. கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப்பட்டை வரை முன்பக்க உயரத்தை அளந்து பாருங்கள்: உயர்ந்த இடுப்பு என்றால் பத்து அங்குலத்துக்கு மேல் இருக்கும், 2000-களின் பேன்ட்டில் ஏழு அங்குலம்கூட இராது. டெனிமில் கொஞ்சம் எலாஸ்டேன் இழை கலந்ததால் தொடையில் இறுகிப் பிடித்தது. விரிவும் முழங்காலுக்குக் கீழேதான் தொடங்கியது. முதல் பெல்பாட்டம் காலை நீளமாகக் காட்டியது. இரண்டாவது, குட்டை மேலாடையோடு சேர்ந்து வயிற்றைக் காட்டியது. விரிந்த கால் ஒன்றுதான் பொது. மற்றபடி அவை இரண்டு வேறு உடைகள்.

மூன்றாவது வருகை 2020-ஐ ஒட்டி. காலோடு ஒட்டிய ஸ்கின்னி ஜீன்ஸ் பத்தாண்டுக்கு மேல் ஆண்ட பிறகு, ஊரடங்கில் எலாஸ்டிக் இடுப்புக்குப் பழகியவர்களிடம், கால் விரிந்த லெகிங்ஸாக அது வந்தது. இடுப்பு 1970-களுடையது, நீளும் துணி 2000-களுடையது. தாழ்ந்த இடுப்பும் தனியே திரும்பியது: 2021 அக்டோபரில் பாரிஸில் மியு மியு நிறுவனம் காட்டிய குட்டைப் பாவாடைகள் அதற்கு வழி திறந்தன.

ஏன் இருபது ஆண்டு? ஓர் உடையைப் பதின்வயதில் போட்டவர்கள் அதற்குள் வடிவமைக்கும், விற்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். இப்போதைய பதின்வயதினருக்கோ அதைப் பார்த்துச் சலித்த நினைவே இல்லை. வீட்டு அலமாரிகளில் கிடந்ததும் பழைய துணிக்கடைக்கு வந்து மலிவாகக் கிடைக்கிறது. ஆனாலும் இருபது என்பது நிலையான கணக்கு அல்ல. ஆங்கில உடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937-இல் போட்ட பட்டியலில், இருபது ஆண்டு பழைய உடை கேலிக்குரியது; ஐம்பது ஆண்டானால்தான் அதில் ஒரு பழமையின் கவர்ச்சி. அவர் காலத்தை விட இன்று சுழற்சி வேகம் என்றே நினைக்கிறேன்.

மைக்ரோட்ரெண்ட் என்கிற குறுங்கால மோஸ்தர் இந்தச் சுழற்சியிலிருந்து வேறானது. 2020 கோடையில் டிக்டாக்கில் பரவிய ஸ்ட்ராபெரி கவுனைப் பாருங்கள். நியூயார்க்கில் இயங்கும் லிரிக்கா மட்டோஷி வடிவமைத்தது; இளஞ்சிவப்பு வலைத்துணியில் மினுக்கும் ஸ்ட்ராபெரிகள்; அப்போதைய விலை 490 டாலர். மலிவான நகல்கள் சீக்கிரமே குவிந்தன. சில மாதங்களில் பேச்சு அடங்கியது. பெல்பாட்டத்தின் வடிவத்தைப் பாலியெஸ்டரிலும் தைக்கலாம், டெனிமிலும் தைக்கலாம். அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் போட்டுப் போகலாம். ஸ்ட்ராபெரி கவுன் ஒரே ஒரு பொருள். பழத்தை எடுத்துவிட்டால் வெறும் கவுன்தான் மிச்சம். புதிதாக ஒன்று பரவும்போது, அச்சும் நிறமும் மாறினால் அது நிற்குமா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

சுழற்சி திரும்பும் என்று பழைய பேன்ட்டைப் பத்திரப்படுத்துபவர்கள் துணியையும் பார்க்க வேண்டும். 1970-களின் கனமான பருத்தி டெனிம் இன்றும் உழைக்கும். எலாஸ்டேன் கலந்த 2000-களின் டெனிம் சூட்டிலும் துவைப்பிலும் தளர்ந்துபோகும். முழங்கால் பகுதியை இரு கையாலும் இழுத்து விடுங்கள். உடனே சுருங்காமல் தொளதொளவென்று நின்றால் இழை அறுந்துவிட்டது. அந்தப் பேன்ட்டை டெய்லராலும் மீட்க முடியாது.