‘ஆஃபர் வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்’

ஆடி மாதத்தில் நம் ஊரில் கல்யாணம் இல்லை. ஜவுளிக்கடையில் வியாபாரம் மந்தமாகும். அதேசமயம் தீபாவளிச் சரக்கு எடுக்கக் கையில் பணமும் வேண்டும், அடுக்கில் இடமும் வேண்டும். அதனால் தேங்கிய துணிகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆடித் தள்ளுபடிக்கு அடிப்படை இதுதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது, முடிகிற தேதியும் இருந்தது.

இப்போது ஆடி போய் ஆவணி வந்தாலும் தள்ளுபடி போவதில்லை. வார இறுதிச் சலுகை, நள்ளிரவுச் சலுகை, ‘இன்னும் இரண்டு மணி நேரம்தான்’ என்று கைப்பேசியில் ஓடும் ஃபிளாஷ் சேல் என்று வருடம் முழுக்க நீள்கிறது. கடையில் கூட்டம் தெரிகிறது. லாபம் தெரிகிறதா என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சட்டையின் கொள்முதல் 600 ரூபாய், விற்பனை விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 சட்டை போனால் 40,000 ரூபாய் நிற்கும். கடை வாடகை, சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். இப்போது மூன்று நாள் 20 சதவீதத் தள்ளுபடி. விலை 800 ஆனதும் ஒரு சட்டையில் நிற்பது 400 இல்லை, 200தான். விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. லாபத்திலோ சரிபாதி போய்விட்டது.

அந்த மூன்று நாளில் 90 சட்டை பறக்கிறது. அதில் 18,000 ரூபாய். மற்ற 27 நாளில் 50 சட்டைதான் விற்கிறது, அதில் 20,000. மொத்தம் 140 சட்டை விற்றும் நின்றது 38,000 ரூபாய். விற்றுமுதல் ஒரு லட்சத்திலிருந்து 1,22,000 ஆக ஏறியிருக்கிறது. லாபம் 2,000 ரூபாய் இறங்கியிருக்கிறது. முழு விலைக்கு வாங்கியிருக்கக்கூடிய பாதிப் பேர் தள்ளுபடி நாளுக்கு நகர்ந்துவிட்டதுதான் காரணம். அடுத்த மாதமும் இதையே செய்தால் இன்னும் சிலர் நகர்வார்கள். “அண்ணே, அடுத்த ஆஃபர் எப்போ?” என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கும்போது, 1,000 ரூபாய் என்ற விலையை அவர் நம்புவதை விட்டுவிட்டார் என்று பொருள்.

இந்தப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவின் ஜேசி பென்னி ஒரு சாட்சி. அந்தப் பெரிய கடைத்தொடர் 2011ஆம் ஆண்டில் மட்டும் 590 சலுகை விற்பனைகளை நடத்தியது. சரக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு பாதி விலைக்கோ அதற்கும் கீழோதான் விற்றது. ஆப்பிள் கடைகளை வளர்த்த ரான் ஜான்சன் தலைமைக்கு வந்தார். 2012 பிப்ரவரியில் கூப்பன்களை நிறுத்தி, எல்லா நாளும் ஒரே குறைந்த விலை என்று அறிவித்தார். அட்டையில் எழுதிய விலை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் மக்கள் வரவில்லை. பழைய விலையை அடித்துப் புது விலையை எழுதிப் பார்த்தே பழகியவர்களுக்கு, அடிக்காத விலை மலிவா இல்லையா என்று அளக்க வழி தெரியவில்லை. அந்த ஆண்டு விற்பனை சுமார் 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடிக்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் பதவி இழந்தார். கூப்பன்கள் திரும்பி வந்தன.

அப்படியானால் தள்ளுபடியே கூடாதா? அப்படி இல்லை. அதே கடையில் ஓரிரு அளவு மட்டும் மிஞ்சிய சட்டை ஒன்று வருடக்கணக்கில் தூங்குகிறது என்றால், அதை 500 ரூபாய்க்குக் கொடுப்பதே நல்லது. நூறு ரூபாய் நட்டம்தான், ஆனால் முடங்கிய 500 ரூபாய் கைக்கு வந்து நன்றாக ஓடும் சரக்காக மாறும். தீர்ந்தால் திரும்ப வராத சரக்கு என்பதால் அதற்காக யாரும் காத்திருக்கவும் முடியாது. ஆகவே கடைக்காரர் சரக்கைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது தீர்ந்தால் மறுபடி ஆர்டர் போடுவேனா? போடுவேன் என்றால் அதன் விலையில் கை வைக்கக் கூடாது.

ஏற்கெனவே வாடிக்கையாளர் காத்திருக்கப் பழகிவிட்டாரா என்பதைக் கணக்கேடு காட்டிவிடும். முழு விலைக்குப் போன சட்டைகளைத் தனியாக எண்ண வேண்டும். சலுகைக்கு முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் சாதாரண வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த இரண்டு வாரத்திலும் பள்ளம் விழுந்திருந்தால், சலுகை நாளில் வந்தது புதுக் கூட்டம் இல்லை. வழக்கமாக வருகிறவர்கள்தான் குறைந்த விலைக்காக நாளை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.