பிரௌச்சரில் அச்சாகும் தேதி

புதிய அடுக்குமாடித் திட்டத்தின் பிரௌச்சரைப் புரட்டுகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டு சந்தேகங்கள் இருக்கும். கட்டுகிற பணம் இந்தக் கட்டடத்துக்குத்தான் போய்ச் சேருமா? சொன்ன தேதியில் சாவி கைக்கு வருமா? ‘நம்பிக்கையின் மறுபெயர்’, ‘விரைவில் குடியேறலாம்’ போன்ற வரிகளில் சரிபார்க்க எதுவுமே இல்லாததால், அவை இந்த இரண்டு கேள்விக்கும் பதிலாவதில்லை. பதில் சொல்லும் வரிகளை எழுதுவதற்கான பொருள் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ரேரா என்று வழங்கப்படுவது இந்தச் சட்டம்தான்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டத்தை ரேராவில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ புக்கிங் வாங்கவோ கூடாது. பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் பிரௌச்சரில் தெளிவாகத் தெரியும்படி இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டில் அந்த முகவரி rera.tn.gov.in. பில்டர் ஆணையத்திடம் எழுதிக்கொடுத்த நிறைவுத் தேதியை வாங்குபவர் அங்கே தேடிப் பார்க்கலாம். அதனால் பதிவு எண்ணைப் பின்னட்டையின் மூலையில் பொடி எழுத்தில் ஒதுக்காமல், விலைக்கு அருகிலேயே அச்சிடுவதுதான் சரி.

பணத்தைப் பற்றிய வரி இப்படி இருக்கலாம்: ‘வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 விழுக்காடு இத்திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்கப்படும். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரும் சான்றளித்த பிறகே, வேலை முடிந்த அளவுக்கு ஏற்ப அதிலிருந்து பணம் எடுக்கப்படும்.’ இது சட்டம் விதித்த கடமைதான். ஆனாலும் வங்கியின் பெயரோடு அச்சில் வரும்போது வாங்குபவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க முடியும். இந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. மீதி 30 விழுக்காட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 70 விழுக்காட்டிலிருந்தும் கட்டுமானச் செலவோடு நிலத்தின் விலையையும் எடுத்துக்கொள்ளலாம். எனவே ‘உங்கள் பணம் முழுவதும் பாதுகாப்பாக இருக்கும்’ என்று எழுதுவது பொய்யாகிவிடும். மாறாக, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்க மாட்டோம் என்று தயங்காமல் எழுதலாம். சட்டம் அதற்கு மேல் வாங்க அனுமதிப்பதில்லை.

தேதி விஷயத்தில்தான் வார்த்தைகள் அதிகம் வழுக்கும். பிரௌச்சரில் ஒரு மாதம், ஒப்பந்தத்தில் அதற்கு மேல் ‘கிரேஸ் பீரியட்’ ஆறு மாதம், ரேரா பதிவில் இன்னொரு தேதி என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பது ஆபத்தின் அறிகுறி. நேர்மையான வரி மூன்றையும் ஒன்றாக்கும்: ‘ஒப்படைப்பு 2027 டிசம்பர் 31-க்குள், ரேரா பதிவிலும் ஒப்பந்தத்திலும் இதே தேதி.’ ஒப்படைப்பு என்றால் என்ன என்பதையும் அதே பக்கம் சொல்லிவிட வேண்டும். பூச்சும் பெயின்டும் முடிந்த வீட்டுக்குச் சாவி கொடுப்பது ஒன்று; பணி நிறைவுச் சான்றிதழ், மின் இணைப்பு, குடிநீர், லிப்ட் எல்லாம் தயாரான வீட்டைக் கொடுப்பது வேறு. முதல் வகைச் சாவியை வாங்கியவர் குடியேற முடியாமல் வாடகையும் கடன் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பார்.

தாமதமானால் என்ன கிடைக்கும் என்பதைப் பல பிரௌச்சர்கள் சொல்வதே இல்லை. தேதி தவறினால் வாங்கியவர் விலகிக்கொண்டு, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். காத்திருக்க விரும்பினால், வீடு கைக்கு வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி பெறலாம். வட்டி விகிதத்தை மாநில விதிகள் நிர்ணயிக்கின்றன. கணக்குக்காக ஆண்டுக்கு 11 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 60 லட்சம் கட்டியவருக்கு மாதம் 55,000 ரூபாய் சேரும். ஆறு மாதத் தாமதத்துக்கு 3 லட்சத்து 30 ஆயிரம். இந்தக் கணக்கைத் தானே அச்சிடும் பில்டர், தாமதத்தின் விலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றுக்காக ஆணையம் பதிவுக் காலத்தை நீட்டிக்க முடியும் என்பதையும் அங்கேயே சேர்த்துவிட்டால் பின்னால் சண்டை வராது.

பிரௌச்சரில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. ஆனால் ஆணையம் உத்தரவு போட்டாலும் பணம் கைக்கு வரக் காலம் பிடிக்கும். அதனால் வாங்குபவருக்கு மிகவும் பயன்படும் பக்கம் பழைய திட்டங்களின் பட்டியல்தான். ஒவ்வொரு திட்டத்துக்கும் வாக்களித்த மாதம், நிறைவுச் சான்றிதழ் வந்த மாதம் இரண்டும் பக்கத்தில் பக்கமாக இருக்க வேண்டும். தாமதமானவற்றை மறைக்காமல் காரணத்தோடு போட வேண்டும். அந்தக் கட்டடங்கள் ஊரில் நின்றுகொண்டிருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்களிடம் யாரும் போய்க் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.